தரவுத் தொகுப்பின் விளக்கவுரையும் திறவுச்சொற்களும்

குறுந்தொகைச் சொல்லடைவு ஒன்றைத் திறந்தநிலைக் களஞ்சியத்தில் வைப்பதாகக் கொள்வோம். ‘சங்க இலக்கியம்’, ‘தமிழ்’ என்னும் திறவுச்சொற்கள் மட்டும் போதா. தேடல் பெரும்பாலும் எழுத்து வடிவத்தையே ஒப்பிடுவதால், ரோமன் எழுத்தில் தேடும் அயலக ஆய்வாளருக்கு அப்பதிவு புலப்படாது போகலாம். ஆகவே நூற்பெயரைத் தமிழிலும், Kuruntokai, Kurunthogai என்னும் இரு வடிவங்களிலும் தருதல் வேண்டும்.

கண்டறிந்தவர் அத்தரவை நம்புவதற்குத் துணைசெய்வது விளக்கவுரை. உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு பின்பற்றப்பட்டதா, 401 பாடல்களுடன் கடவுள் வாழ்த்தும் சேர்க்கப்பட்டதா, ‘வந்தனனென’ என்பது ஒரு சொல்லாகக் கொள்ளப்பட்டதா, இரண்டாகப் பிரிக்கப்பட்டதா என்பவற்றை அது கூறவேண்டும். கூறாவிடில் சொல்லெண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத தரவை மேற்கோள் காட்டவும் தயங்குவர். இவ்விளக்கவுரையை ஆய்வுமுறையியலின் பகுதியாகக் கருதி, தரவைத் திரட்டும்போதே எழுதிவருதல் தகும்.