நெட்டுல கெடந்துச்சுங்க

ஊட்டி சீசன் தொடங்கினால் மேட்டுப்பாளையத்தில் காரும் ஃப்ளெக்ஸும் சேர்ந்தே பெருகும். இந்த வருஷம் ஒரு தங்கும் விடுதி வைத்த ஃப்ளெக்ஸில் மலை ரயில் படம். புகை கக்கிக்கொண்டு எஞ்சின் முன்னால் போகிறது, பெட்டிகள் பின்னால் வருகின்றன, சுற்றிலும் கல்லாறு பாக்குத்தோப்பு. ஊர்க்காரன் எவனும் ஒரு விநாடியில் சொல்லிவிடுவான். மலையேறும்போது நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும், முன்னால் இருந்து இழுக்காது. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் எஞ்சினை வெட்டி எடுத்து முன்னால் ஒட்டியிருக்கிறான். கீழே வலது மூலையில் இருந்த பெயரையும் நறுக்கிவிட்டான்.

அந்தப் பெயர் எங்கள் வீதிப் பெண்ணுடையது. கல்லூரியில் படிக்கிறாள். விடியற்காலையில் போய்க் காத்துக் கிடந்து, ஏழு மணிக்கு மேல் கிளம்பும் ரயில் கல்லாற்றைத் தாண்டும் நேரத்தில் எடுத்த படம். ஃபிலிம் ரோல் காலத்தில் இருந்து ஸ்டூடியோ வைத்திருப்பவன் என்பதால் நேராக என்னிடம்தான் வந்தாள்.

விடுதி மேனேஜரிடம் கேட்டோம். "நெட்டுல கெடந்துச்சுங்ணா, கடைப் பையன் எடுத்துப் போட்டுட்டான். இதுல என்னங்ணா இருக்குது?" என்றார். கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீதியில் கிடந்த செருப்பைக்கூட யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டுவோம்.

சட்டம் ஒன்றும் சிக்கலானதல்ல. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. அதன் ஆசிரியர் யார் என்பதற்கும் அதிலேயே பதில் உண்டு. படத்தை எடுத்தவர். அந்தப் பெண் எடுத்தது அவள் மாமாவின் போனில். "போனு என்னுது, அப்பப் படமும் என்னுதுதானே?" என்று மாமா சிரித்தார். இல்லைங்க மாமா. கருவி யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை. பதிவு செய்திருக்க வேண்டும், வட்டத்துக்குள் 'சி' போட்டிருக்க வேண்டும் என்பதும் கிடையாது. எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது நாளைக்கு வழக்கு வந்தால் கையில் இருக்கும் ஒரு சான்று, அவ்வளவுதான். முன்பெல்லாம் புகைப்படத்துக்கு வெளியான ஆண்டில் இருந்து 60 வருஷம் என்று தனிக்கணக்கு இருந்தது. 2012 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கதை, கவிதைக்குப் போலவே இப்போது எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 வருஷமும்.

அதற்காகக் கல்லாற்றையே அவள் பட்டா போட்டுக்கொண்டாள் என்று யாரும் பயப்பட வேண்டாம். ரயில் அவளுடையதல்ல, தோப்பு அவளுடையதல்ல, 'காலை வெயிலில் புகையோடு ரயில்' என்கிற யோசனையும் அவளுடையதல்ல. நாளைக்கு அதே இடத்தில் அதே நேரத்தில் நீங்கள் நின்று படம் எடுங்கள், அது உங்களுடையது. யோசனைக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978இல், ஒரு நாடகத்தைத் திருடிப் படமெடுத்ததாக ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நாடகக்காரர் தோற்றார். ஆகவே அந்த விடுதிக்காரர் ஒரு பையனை அனுப்பிச் சொந்தமாக ஒரு படம் எடுத்திருந்தால் எங்கள் வாய் அடைத்துப்போயிருக்கும். அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு நடுவில் அவள் கல்லூரிக்காரர்கள் வேறு. அங்கே நடந்த புகைப்படப் போட்டிக்கு இந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தாள். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் படம் அடுத்த வருஷ ப்ராஸ்பெக்டஸின் அட்டையில் வந்துவிட்டது. கேட்டால், "எங்க ஸ்டூடண்ட் எடுத்ததுதானே, அப்ப காலேஜுக்குச் சொந்தம்" என்கிறார்கள். எந்தக் கணக்கில்? சம்பளம் வாங்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்தால் முதல் உரிமையாளர் முதலாளி என்று சட்டம் சொல்கிறது. மாணவி ஊழியரல்ல. சம்பளம் வாங்கவில்லை, ஃபீஸ் கட்டுகிறாள். போட்டிக்கு அனுப்பியதில் போட்டிக்கு வைக்கலாம் என்ற சம்மதம் அடங்கியிருக்கிறது, சரி. அட்டையில் அச்சடிக்கும் சம்மதம் அதில் எங்கே இருக்கிறது? உரிமையையே எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படம், எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த ஊர் வரைக்கும் என்று அதில் சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா என்று சட்டமே நிரப்பிக்கொள்ளும். இவள் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இங்கே என் தொழில்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளட்டும். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுக்கும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் படங்கள் அந்த வீட்டாருடையவை. பொண்ணு மாப்பிள்ளையைக் கேட்காமல் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் மாட்டுகிறோமே, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுகிறோமே, அதற்கெல்லாம் ஆர்டர் ஃபாரத்தில் ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். "நான் எடுத்தது, என் உரிமை" என்று மீசை முறுக்கும் ஸ்டூடியோக்காரர்களில் இதைத் தெரிந்தவர் குறைவு.

சரி, எதற்கெடுத்தாலும் அனுமதி என்றால் பிள்ளைகள் படிப்பது எப்படி? பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட சார்ட்டில் நீலகிரி மலை ரயில் பற்றி எழுதி, இதே படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தான். அது தப்பே இல்லை. பாடம் நடத்தும்போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்பை எடுத்தாளச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. டில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016இல் டில்லி உயர் நீதிமன்றம் இந்தச் சலுகையைத் தாராளமாகவே விரித்துப் படித்தது. வகுப்பறை நாலு சுவருக்குள் மட்டும் என்று குறுக்கவில்லை, பாடத்துக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதும் அதில் அடங்கும் என்றது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கும் நியாயமான அளவு எடுத்தாளலாம்.

ஆனால் சார்ட் பேப்பர் எங்கே வாசலைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வால்ட்ராப் என்ற ஊர்ப் பள்ளியில் கிட்டத்தட்ட இதே கதைதான். ஸ்பானிய மொழி படித்த மாணவி ஒருத்தி கோர்டோபா நகரத்தின் படத்தை ஒரு பயணத் தளத்தில் இருந்து இறக்கித் தன் கட்டுரையில் சேர்த்தாள். எங்கிருந்து எடுத்தேன் என்றும் ஒழுங்காக எழுதியிருந்தாள். பள்ளி அந்தக் கட்டுரையைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படமெடுத்த டிர்க் ரென்கோஃப், அந்தப் பயணத் தளத்துக்கு மட்டும்தானே கொடுத்தேன் என்று வழக்குப் போட்டார். 2018 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஓரிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது என்பதற்காக, இன்னொரு தளத்தில் நகலெடுத்து ஏற்ற யாருக்கும் உரிமை வந்துவிடாது, அது புதிய வாசகர்களுக்குப் புதிதாக வெளியிடுவதுதான் என்றது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நம் சட்டமும் பொதுமக்களுக்கு எட்டச் செய்யும் உரிமையைப் படைத்தவருக்குத்தான் கொடுத்திருக்கிறது. கல்லூரி ப்ராஸ்பெக்டஸைப் பாடம் நடத்துவது என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது, விடுதி ஃப்ளெக்ஸைச் சொல்லவே வேண்டியதில்லை.

"வேணும்னா பாப்பா பேரைக் கீழ போட்டுடறோமுங்க" என்றார் மேனேஜர், பெரிய தயவு செய்வதுபோல. வால்ட்ராப் மாணவியும் எடுத்த இடத்தைக் குறிப்பிட்டவள்தான், பள்ளிக்கு அது உதவவில்லை. பெயர் போடுவது ஒன்று, அனுமதி வாங்குவது இன்னொன்று. இவள் கேட்பது இரண்டையும். போதாக்குறைக்கு எஞ்சினை வெட்டி ஒட்டியது வேறு. உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் ஆசிரியர் தடுக்கலாம் என்கிறது 57ஆம் பிரிவு. டில்லி விஞ்ஞான் பவனில் இருந்து பிய்த்து எறிந்த தன் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் அரசாங்கத்தோடே மோதி, 2005இல் சிற்பத்தின் மிச்சத்தையும் 5 லட்சம் ரூபாயையும் கொடுக்கும்படி தீர்ப்பு வாங்கியது இந்தப் பிரிவை வைத்துத்தான். "எஞ்சின் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதவ எடுத்த படம்னு சொல்லுவாங்கண்ணா" என்று அவள் சொன்னபோது எனக்கு அந்த வழக்குதான் ஞாபகம் வந்தது. அதே வாதம் இங்கே எடுபடுமா என்பது நீதிபதி பார்வையைப் பொறுத்தது.

விடுதியில் சான்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலில் எடுத்த தேதியும் நேரமும் இருக்காது, போகும்போதே உதிர்ந்துவிடும். படமும் சுருங்கிவிடும். அதை இருபதடி ஃப்ளெக்ஸில் ஊதினதால்தான் பாக்கு மரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்லவேளையாக மாமாவின் போனில் அசல் கோப்பு அப்படியே இருந்தது, முன்னும் பின்னும் எடுத்த நாலைந்து படங்களோடு. ஒரே ரயில் வரிசையாக நகர்ந்து வருவதைக் காட்டும் அந்தப் படங்களைவிட வேறு சாட்சி வேண்டாம். அவற்றைத் தொடாதே, போனையும் மாற்றாதே என்று சொல்லிவிட்டு, அசலை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்தேன். 500 ரூபாய் கட்டிப் பதிவுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வழக்கு என்று போனால் விடுதி முதலாளி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, உரிமையாளர் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம். எங்களுக்குக் கோயமுத்தூர். இருந்தாலும் வக்கீல் ஃபீஸையும் பஸ் செலவையும் கூட்டினால் படத்தின் விலையைத் தாண்டிவிடும். அது மேனேஜருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு நிதானமாகப் பேசுகிறார். ஆகவே முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: படத்தை எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சீசனுக்கு, ஒரு ஃப்ளெக்ஸுக்கு, எஞ்சினை இருந்த இடத்தில் வைத்து, பெயரோடு, இன்ன தொகைக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். காசும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கல்லூரி, ப்ராஸ்பெக்டஸ் அச்சடித்தாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறது. விடுதியின் ஃபேஸ்புக் பக்கத்தில் எஞ்சின் இன்னும் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு அந்தத் தளத்தின் காப்பிரைட் புகார்ப் படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும்.