முன்னுரையின் கடைசி வரி

கட்டுரைக் கொப்பி திருத்தும்போது "முன்னுரை நீளம், சுருக்குக" என்று சிவப்புப் பேனையால் எழுதிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடுகிறோம். அடுத்த முறை பிள்ளை ஆறு வரியை நான்காக்கி வருகிறது. சுற்றல் மட்டும் அப்படியே இருக்கிறது. பிழை பிள்ளையில் இல்லை, நமது குறிப்பில்தான்.

"பிரத்தியேக வகுப்புகள் அவசியமா?" என்ற தலைப்புக்கு தரம் 10 மாணவி ஒருத்தி எழுதிய முன்னுரை இது:

"கல்வி மனிதனின் கண் போன்றது. ஆதிகாலத்தில் மனிதன் குருவைத் தேடிச் சென்று கற்றான். இன்று விஞ்ஞானம் வளர்ந்து உலகம் சுருங்கிவிட்டது. போட்டி நிறைந்த இவ்வுலகில் பிரத்தியேக வகுப்புகள் பெருகியுள்ளன. இவை நல்லவை என்று சிலரும் கூடாதவை என்று சிலரும் கூறுவர். எது எவ்வாறாயினும், படித்ததை மீட்டிப் பார்க்க நேரமில்லாமல் செய்வதால் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவை தேவையில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். நல்ல கருத்து, காரணத்தோடு இருக்கிறது. முதல் ஐந்து வரிகளும் அந்தக் கருத்தைத் தேடி அவள் நடந்த பாதை. எழுதிக்கொண்டேதான் அவள் யோசித்திருக்கிறாள். அது குற்றமில்லை. ஆனால் தேடி முடிந்த பிறகும் அந்தப் பாதையை வாசிப்பவர் நடக்க வேண்டியதில்லை.

நாம் எதையும் வெட்டிக் கொடுக்கவில்லை. "மகள், இதில் எந்த வரியோடு ஒருவர் சண்டை பிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டோம். கடைசி வரியின் கீழ் கோடு போட்டாள். "மற்ற வரிகளில் எதை எடுத்து 'நூலகத்தின் பயன்' கட்டுரையில் வைத்தாலும் பொருந்தும்?" என்றோம். முதல் மூன்றையும் அவளே வெட்டினாள்.

மிச்சமிருந்த இரண்டு வரிகளை வெட்டச் சொல்லவில்லை. கருத்தை மட்டும் தனியே வைத்தால் அது எதற்கான பதில் என்று வாசிப்பவருக்குப் புரியாது. நிலைமை ஒரு வரியிலும், மறுபக்கம் ஒரு வரியிலும் வேண்டும். "சிலர்" என்றால் யார், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டோம். அவள் திருப்பி எழுதியது:

"பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்புக்கு ஓடுவது இன்று தரம் 6 பிள்ளைக்கும் வழக்கமாகிவிட்டது. விளங்காத பாடத்தை அங்கே விளங்கிக்கொள்ளலாம் என்று பெற்றோர் நம்புகின்றனர். ஆனால் படித்ததை மீட்டிப் பார்க்கும் நேரத்தையே அது எடுத்துவிடுவதால், கீழ் வகுப்புகளில் அது தேவையில்லை."

கருத்து இப்போதும் கடைசி வரியில்தான் இருக்கிறது. இடம் மாறவில்லை, ஆனால் மற்ற இரண்டு வரிகளும் நேரே அதை நோக்கிப் போகின்றன. இனி ஒவ்வொரு பந்தியும் மீட்டல் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

பரீட்சை மண்டபத்தில் திருப்பி எழுத நேரம் கிடைக்காது. அதனால் சண்டை பிடிக்கக்கூடிய அந்த ஒரு வரியை முதலில் வேலைத்தாளில் எழுதிவிட்டு, பிறகு முன்னுரையைத் தொடங்கப் பழக்குவோம்.

ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். "கல்வி கண் போன்றது" என்று தொடங்கச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தானே?