சேதி கடைசி எழுத்தில் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்திலிருந்து போன் செய்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். நலம் விசாரித்து முடித்ததும், "சார், உங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும், கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். "சொல்லும்மா" என்றேன்.

நைட் டியூட்டி முடிந்து பொறுப்பை ஒப்படைக்கும்போது, குழாய் வழியே உணவு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பற்றி "ஃபீட் செக் பண்ணுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்த ஆங்கிலேயப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்ப் பாட்டியின் பாதங்களைப் பார்த்திருக்கிறாள். படுத்தே கிடப்பவர்களுக்குக் குதிகாலில் புண் வரும் என்பதால் அதுவும் வழக்கமாகப் பார்க்கிற விஷயம்தான், சந்தேகமே எழவில்லை. உணவுப் பை காலியானது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆனா சார், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி கடைசி எழுத்தை அழுத்தித்தான் சொன்னேன்" என்றாள்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் எடுத்தவன் நான். "கடைசி எழுத்தைக் கவனி, கடைசி எழுத்தை அழுத்து" என்பதுதான் என் மந்திரம். அந்த மந்திரமே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சிக்கல். பாதங்களும் ஃபீட், ஊட்டும் உணவும் ஃபீட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அதனால் பாத-ஃபீட், ஊட்ட-ஃபீட் என்று பிரித்துச் சொல்கிறேன். பாத-ஃபீட்டின் கடைசி ஒலி "பாட்டு" என்பதில் வரும் ட் போன்றது; தொண்டை அதிராது. ஊட்ட-ஃபீட்டின் கடைசி ஒலி "பாடு" என்பதில் வரும் ட போன்றது. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். அதிராததை ஒலிப்பிலா மெய் என்றும், அதிர்வதை ஒலிப்புடை மெய் என்றும் மொழியியலில் சொல்கிறார்கள். நான் வகுப்பில் சொன்னதும் இவ்வளவுதான்: இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி மெய்யில் இருக்கிறது, அதை அழுத்து.

ஆங்கிலேயர் பேசும்போது நடப்பது வேறு. சொல்லின் கடைசியில் வரும் மெய்யை அவர்கள் பல நேரம் வெடித்து வெளிவிடுவதே இல்லை. நாக்கு மேலே போய் ஒட்டும், அங்கேயே நின்றுவிடும். அதிர வேண்டிய மெய்யும் சொல் முடிவில் பாதி அதிர்ந்து ஓய்ந்துவிடும், சில நேரம் அதிராமலே போகும். அப்படியானால் கேட்பவர் எதை வைத்துப் பிரிக்கிறார்? பெரும்பாலும் அதற்கு முன்னால் வரும் உயிரொலியின் நீளத்தை வைத்து. ஒலிப்பிலா மெய்க்கு முன்னால் உயிர் சட்டென்று வெட்டுப்படுகிறது. ஒலிப்புடை மெய்க்கு முன்னால் முழு நீளத்துக்கு ஓடுகிறது. 1960-இல் பீட்டர்சன், லெஹிஸ்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் அளந்தபோது இந்த இரண்டு நீளங்களும் ஏறக்குறைய இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தன.

கேட்பவர் இதைப் பயன்படுத்துகிறார் என்பதை அதற்கு முன்பே, 1955-இல், பீட்டர் டெனெஸ் என்பவர் காட்டிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது யூஸ் என்ற சொல். "என்ன பயன்?" என்று கேட்கும்போது அது பெயர்ச்சொல், கடைசி ஒலி அதிராது. "பயன்படுத்து" என்னும்போது வினைச்சொல், கடைசி ஒலி அதிரும். டெனெஸ் அதிராத கடைசி ஒலியையே வைத்துக்கொண்டு, உயிரின் நீளத்தையும் அந்த மெய்யின் நீளத்தையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். உயிர் நீண்டு மெய் குறுகியபோது, அதிர்வே இல்லாத ஒலியைக் கேட்டவர்கள் அதிரும் ஒலியாகக் கேட்டார்கள். உயிருக்கும் மெய்க்கும் உள்ள விகிதம் இங்கே முக்கியம். வேகமாகப் பேசுபவரின் நீண்ட உயிர், மெதுவாகப் பேசுபவரின் குறுகிய உயிரைவிடச் சின்னதாக இருக்கலாம். காது கடிகாரம் பார்ப்பதில்லை, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதைப் படித்ததும் நானே சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. அந்தப் பெண்ணை இரண்டு சொற்களையும் போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். ஒலியைத் திரையில் அலையாகக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் போட்டு அளந்தேன். அவள் சொன்ன பாத-ஃபீட்டில் ஈ 175 மில்லி விநாடி. ஊட்ட-ஃபீட்டில் 185. கிட்டத்தட்ட ஒன்றேதான். அவளோடு வேலை செய்யும் ஆங்கிலேயத் தோழி ஒருத்தியும் பதிவு செய்து கொடுத்தாள். அதில் பாத-ஃபீட் 160, ஊட்ட-ஃபீட் 250. மெய்யைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அலையைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்தது.

பிறகு தோழியின் ஊட்ட-ஃபீட்டை எடுத்துக் கத்தரித்தேன். முதலில் கடைசி மெய்யை மட்டும் நீக்கினேன். கேட்ட இரண்டு ஆங்கிலேயரும் தயங்காமல் ஊட்ட-ஃபீட் என்றார்கள். வால் போனாலும் சொல் போகவில்லை. அடுத்து, ஈயின் நடுவிலிருந்து கொஞ்சம் வெட்டி 160-க்குக் குறைத்தேன். ஒருவர் பாத-ஃபீட் என்றார், மற்றவர் ஊட்ட-ஃபீட் என்றே சொன்னார். மூன்றாவதாக, நடுவை விட்டுவிட்டு ஈயின் கடைசிப் பகுதியை வெட்டி அதே 160-க்குக் கொண்டுவந்தேன். இப்போது இருவருமே பாத-ஃபீட் என்றார்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நீளம்தான். ஆனால் பதில் மாறுகிறது. காரணம், நீளம் மட்டுமே சேதி இல்லை. ஊட்ட-ஃபீட்டின் ஈ மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்குகிறது; பாத-ஃபீட்டின் ஈ கதவைச் சாத்தினாற்போல் நிற்கிறது. நடுவில் வெட்டியபோது அந்தத் தேய்வு மிச்சம் இருந்தது, கடைசியில் வெட்டியபோது அதுவும் போய்விட்டது. நீளம் பெரிய தடயம், ஒரே தடயம் இல்லை. இரண்டு பேரை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்கும் தெரியும். என் மந்திரம் தப்பு என்று எனக்கு உறைக்க அது போதுமாக இருந்தது.

நமக்கு ஏன் இது பிடிபடவில்லை? நம் காதில் நீளத்துக்கு வேறு வேலை இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று சின்ன வயதிலேயே படித்துவிட்டோம். நீளம் மாறினால் எழுத்தே மாறும். ஒரே நெடில் பக்கத்து மெய்யைப் பார்த்து இரண்டு நீளம் எடுக்கும் என்பதை நாம் எதிர்பார்ப்பதில்லை. கடைசி மெய்யைக் காட்ட நம்மிடம் வேறு வழி இருக்கிறது. பாட்டு, பாடு என்று மெய்யை இரட்டித்துக் காட்டுவோம். அதே பழக்கத்தில் கடைசியில் ஓர் உகரத்தையும் சேர்த்து, பாத-ஃபீட்டை "ஃபீட்டு" என்றும் ஊட்ட-ஃபீட்டை "ஃபீடு" என்றும் சொல்வோம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது இது அழகாகப் புரியும். அந்தப் பெண் உகரம் வரக்கூடாது என்று கவனமாக இருந்திருக்கிறாள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இரட்டிப்பும் போனது, உகரமும் போனது, உயிரின் நீட்டமும் இல்லை. ஆங்கிலக் காதுக்குப் பிடித்துக்கொள்ள என்ன மிச்சம் இருந்தது?

இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். "நெடில்னா நல்லா நீட்டு" என்று பாத-ஃபீட்டையும் நீட்ட வைத்தேன். அது சேதியை நேர் எதிராக மாற்றிவிடும். ஆங்கிலத்தில் ஒலிப்பிலா மெய்க்கு முன்னால் நெடில் அவ்வளவு குறுகுகிறது. ஒலிப்புடை மெய்க்கு முன்னால் வரும் குறிலைவிட அது நீளமாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இது எல்லா மொழிக்கும் பொது இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். பல மொழிகளில் லேசாக இருக்கிறது. 1970-இல் மத்தியூ சென் ஆங்கிலத்தையும் பிரெஞ்சு, ரஷ்யன், கொரிய மொழிகளையும் ஒப்பிட்டார். நான்கிலும் உயிர் குறுகுகிறது, ஆனால் ஆங்கிலத்தில்தான் மிக அதிகம். போலிஷ், செக் மொழிகளில் இந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கும்படி இல்லை என்று பின்னால் பாட்ரிசியா கீட்டிங் காட்டினார். அதாவது வாய் தானாகச் செய்கிற காரியமாக மட்டும் இதைக் கொள்ள முடியாது. ஆங்கிலம் பேசுபவர் குழந்தையிலிருந்து கற்றுக்கொள்கிற பழக்கம் இது. அப்படியானால் நாமும் கற்றுக்கொடுக்கலாம்.

"வெள்ளைக்காரன் மாதிரி பேசணுமா?" என்று கேட்பீர்கள். தேவையில்லை. சென்னைக்காரரும் டெல்லிக்காரரும் பேசிக்கொள்ள நம் ஆங்கிலம் போதும். நம் பிள்ளைகள் அங்கே போய் நோயாளியைப் பார்க்கும்போது, எதிரில் இருப்பவரின் காது எதைத் தேடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். பேசுவதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும்தான். "அவங்க பேசும்போது கடைசி எழுத்தே கேக்க மாட்டேங்குது சார்" என்று அவளும் சொன்னாள். அவள் வாசலில் காத்திருந்தாள், விருந்தாளி ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு பிள்ளைகளை நிறுத்துங்கள். ஒருவர் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, கடைசி மெய்யில் நாக்கை ஒட்டவைத்து அப்படியே நிறுத்தட்டும், வெளிவிடக் கூடாது. மற்றவர் எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கட்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் நீட்டம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பை என்ற பேக், முதுகு என்ற பேக். விதை என்ற சீட், இருக்கை என்ற சீட், இப்படி ஜோடிகளுக்குப் பஞ்சமில்லை. வாக்கியத்தின் நடுவில், வேகமான பேச்சில் இந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். அதனால் கடைசியில் வைத்தே தொடங்குங்கள். அங்கே கேட்பவர் பெரும்பாலும் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். பாதமும் உணவும் இரண்டுமே பொருந்துகிற இடத்தில்தான் ஆபத்து.

அந்தப் பெண்ணுக்குப் போனவாரம் மறுபடி பேசினேன். திரும்பப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். 150, 240. "இப்ப சரியா சார்?" என்றாள். சரிதான் என்றேன். இருபது வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது என்பதையும் சொன்னேன்.