3 வட்டியும் 42.6 சதவீதமும்



போன மாதம் லண்டனில் ஒரு கிரெடிட் யூனியனின் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கினேன். முதன்முதலாகக் கடன் எடுப்பவர்களுக்கானது. ஊரில் இருந்த சிக்கனக் கடனுதவுச் சங்கம் மாதிரித்தான் இதுவும்: உறுப்பினர் சேமிக்கிற காசில் உறுப்பினருக்கே கடன்.

ஏபிஆர் என்ற இடத்தில் 'ஆண்டுச் சதவீத விகிதம் 42.6' என்று எழுதினேன். சட்டம் இங்கே கிரெடிட் யூனியனுக்கு விட்டிருக்கிற உச்ச வரம்பு அது. வாசித்துப் பார்த்த மாமி கேட்டா: "பிள்ளை, மாசம் நூற்றுக்கு எவ்வளவு? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 3 வட்டிக்குத் தாறார். வருசத்துக்கு 36தானே, அது குறைவெல்லோ?"

மாமியின் பெருக்கல் சரி. பிழை என் மொழிபெயர்ப்பில். கிரெடிட் யூனியனின் 42.6உம் மாதம் நூற்றுக்கு 3தான். அதை மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக 12 மாதம் கணக்குப் பார்த்தால் 42.6 வரும்.

வித்தியாசம், எந்தத் தொகைக்கு வட்டி என்பதில் இருக்கிறது. 1,000 பவுண் எடுத்து 12 தவணையில் கட்டுவதாக வைப்போம். கிரெடிட் யூனியன் மிச்சக் கடனுக்கு மட்டும்தான் வட்டி போடும். தவணை சுமார் 100.46 பவுண். முதல் மாதம் அதில் 30 வட்டிக்கு, 70.46 முதலுக்கு. அடுத்த மாதம் மிச்சம் 929.54க்குத்தான் வட்டி, அது 27.89. வருச முடிவில் மொத்த வட்டி ஏறத்தாழ 205 பவுண்.

மாமி சொன்னவர் கடைசி மாதம் வரைக்கும் முழு 1,000க்கும் வட்டி எடுக்கிறார். மாதம் 30 படி 360. தவணை 113.33. முக்கால்வாசி கட்டி முடித்த பிறகும், கையில் இல்லாத காசுக்கு வட்டி போகுது. ஏபிஆர் கணக்கில் போட்டால் அது 80ஐத் தாண்டும். குறைவாகத் தெரிந்த கடன், 155 பவுண் கூட.

ஆகவே திருத்தினேன். சதவீதத்துக்கு முன்னால் மூன்று வரி: மாதம் நூற்றுக்கு எவ்வளவு, வட்டி முழு முதலுக்கா மிச்சத்துக்கா, கடைசியில் மொத்தம் எத்தனை பவுண் கூடக் கட்டுவீர்கள். சேமிப்புப் பகுதியில் 'வட்டி' என்று போட்டிருந்ததையும் எடுத்துவிட்டு 'இலாபப் பங்கு' என்று மாற்றினேன். சங்கத்துக்கு மிஞ்சினால்தான் வருச முடிவில் அது கிடைக்கும். வட்டி என்றால் வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

205 பவுணும் சின்னக் காசில்லை. சட்டம் அனுமதிக்கிற உச்சத்தை உறுப்பினரிடம் எடுக்கிற சங்கத்தை ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கத்தான் வேணும். ஆனால் மாமி அந்தக் கூட்டத்தில் எழும்பிக் கேட்பதற்கு, அந்தக் கணக்கு முதலில் அவவுடைய கணக்கு மொழியில் இருக்க வேணும். 'நூற்றுக்கு இவ்வளவு' என்பதுதான் அந்த மொழி. அதை விட்டுவிட்டு நல்ல தமிழில் எழுதினேன் என்று நான் சொல்லி என்ன பயன்?