பால் கணக்கில் காலிக் கட்டம் யார் பக்கம்?

பால் கணக்கில் என்ன பெரிய கஷ்டம், நாளைக்கு இத்தனை பாக்கெட், பாக்கெட்டுக்கு இத்தனை ரூபாய், பெருக்கினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் 2021 மே மாதத்துக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த மாதம் 7ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று ஆவின் பால் விலைக் குறைப்பு. லிட்டருக்கு 3 ரூபாய். அமலுக்கு வந்தது 16ஆம் தேதி, அதாவது மாதத்தின் நட்டநடுவில்! நீலக் கலர் அரை லிட்டர் பாக்கெட் 21.50-லிருந்து 20 ரூபாய் ஆனது.

ஆரணியில் ஒரு பட்டு நெசவு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் தறி, பக்கத்துச் சுவரில் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். தினம் நீலப் பாக்கெட் இரண்டு. பால் வராத நாளில் அம்மா அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு வட்டம் போடுவார். கூடக் குறைய வாங்கினால் எண்ணை எழுதுவார். வந்த நாட்களுக்கு எந்தக் குறியும் கிடையாது. மாதம் முடிந்ததும் காலண்டரை செல்போனில் படம் எடுத்து, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்புவார். மகன் கணக்குப் போட்டுப் பால்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டும். சேலை முடிந்தால்தான் கூலி என்கிற வீட்டில், மாதம் தவறாமல் தர வேண்டிய பால் காசு மகன் பொறுப்புக்குப் போவது சகஜம்தானே.

அந்தப் படத்தில் இருப்பது இவ்வளவுதான். 5ஆம் தேதி வட்டம். 14ஆம் தேதி "3" (அன்றைக்கு அட்சய திருதியை, பாயசம்!). 20, 21, 22 மூன்று நாளும் வட்டம், பால்காரருக்குக் காய்ச்சல். 26ஆம் தேதி "1". 30ஆம் தேதி வட்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் வேலை பெருக்குவது அல்ல, 15க்கும் 16க்கும் நடுவில் ஒரு கோடு போடுவது. கோட்டுக்கு முன்னால் 15 நாள், 30 பாக்கெட் வந்திருக்க வேண்டும். 5ஆம் தேதிக்கு இரண்டு கழித்து, 14ஆம் தேதிக்கு ஒன்று கூட்டினால் 29. அதை 21.50 ஆல் பெருக்கினால் 623.50. கோட்டுக்குப் பின்னால் 16 நாள், 32 பாக்கெட். வராத நாலு நாளைக்கு எட்டு, 26ஆம் தேதிக்கு ஒன்று கழித்தால் 23. அதை 20 ஆல் பெருக்கினால் 460. ஆக மொத்தம் 1083 ரூபாய் 50 காசு.

இதில் பலர் செய்யும் குறுக்கு வழி, மொத்தப் பாக்கெட்டை எண்ணி இரண்டு விலைக்கும் சராசரி போடுவது. 52 பாக்கெட், சராசரி 20.75, வருவது 1079. பால்காரருக்கு நாலரை ரூபாய் நஷ்டம். காரணம், வராத நாட்கள் இரண்டு பக்கமும் சமமாக விழவில்லை. பெரும்பாலும் புது விலைப் பக்கம் விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு லீவு நாளுக்கும் அது விழுந்த தேதியின் விலைதான் கழிய வேண்டும். கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள் தேதி, பாக்கெட், விலை என்று மூன்று பத்தி வைத்து, விலையையும் நாள் நாளாக நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது:

```
=SUMPRODUCT(B2:B32,C2:C32)
```

ஆனால் அந்த B பத்தியை நிரப்பத்தான் படத்தைப் படிக்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. 2021 மே 1 சனிக்கிழமை. ஐந்து வரிசைக் காலண்டரில் 30ம் 31ம் கீழே இடமில்லாமல் மேல் வரிசையில், 1ஆம் தேதிக்கு இடப்பக்கம் காலியாக இருக்கும் ஞாயிறு, திங்கள் கட்டங்களில் ஏறி உட்கார்ந்துவிடும். விலை மாறிய 16 ஒரு ஞாயிறு, அதாவது சரியாக ஒரு வரிசையின் ஆரம்பம். "மேல் மூணு வரிசை பழைய விலை, அதுக்குக் கீழ புது விலை" என்று கண் உடனே முடிவு கட்டிவிடும். அப்போது மேலே இருக்கும் 30ஆம் தேதி லீவும் 31ஆம் தேதிப் பாலும் பழைய விலைக்குள் போய்விடும்.

இன்னொன்று, நம் காலண்டர்களில் பௌர்ணமிக்கு அச்சிலேயே ஒரு வெள்ளை வட்டம் இருக்கும், அமாவாசைக்குக் கருப்பு வட்டம். அந்த மாதம் பௌர்ணமி 26ஆம் தேதி. அம்மா எழுதிய "1" அச்சு வட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் படத்தில் "10" மாதிரி தெரியும். "1" மங்கிப்போனால் பால் வராத நாள் மாதிரி தெரியும். எனவே படம் எடுக்கும்போது ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், காலண்டரின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பேனா மை நீலத்திலோ சிவப்பிலோ இருப்பதைவிட, அந்தக் காலண்டரின் அச்சில் இல்லாத நிறத்தில் இருப்பது முக்கியம்.

சரியாகப் படித்தோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை உண்டு. புது விலை 20 ரூபாய், அதில் 50 காசு வரவே வராது. பழைய விலைப் பாக்கெட் ஒற்றைப்படையாக இருந்தால் மட்டுமே பில்லின் கடைசியில் 50 காசு நிற்கும். இங்கே 29, நிற்கிறது. "ஆயிரத்தி எண்பதா ரவுண்டா குடுத்துடுப்பா" என்றால் அந்தச் சோதனையும் போய்விடும் :)

இதுவரை சொன்னதெல்லாம் நாலு ரூபாய், மூணு ரூபாய் விவகாரம். உண்மையில் சண்டை வரும் இடம் வேறு. அம்மா 21ஆம் தேதி வட்டம் போட மறந்திருந்தால்? காலிக் கட்டம் என்றால் பால் வந்தது என்று அர்த்தம், எனவே வராத பாலுக்கு வீடு 40 ரூபாய் கொடுக்கும். பல வீடுகளில் வழக்கம் நேர்மாறு, பால் வந்த நாளுக்கு டிக் போடுவார்கள். அங்கே ஒரு டிக் மறந்தால் பால்காரருக்கு 40 ரூபாய் போச்சு. பாக்கெட்டுக்குச் சில்லறைக் காசு கமிஷனுக்காக விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு 40 ரூபாய் என்பது பல வீட்டு வருமானம். ஆக எதைக் குறிப்பது என்று தீர்மானிக்கும்போதே, மறதியின் செலவு யார் தலையில் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. காலண்டர் வீட்டுக்காரர் சுவரில் தொங்குகிறது, பேனா அவர் கையில். பால்காரர் வாசலோடு போய்விடுகிறார், அவர் அந்தக் காலண்டரைப் பார்ப்பதே இல்லை. இது நியாயமாகப் படவில்லை.

தினமும் எண் எழுத வேண்டும். வந்தால் 2, வராவிட்டால் 0. அப்போது காலிக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான், எழுத மறந்துவிட்டது. அந்தத் தேதியைப் பால்காரரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். "அண்ணே, 21ஆம் தேதி வந்தீங்களா?" "இல்லம்மா, அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தேன்." முடிந்தது. இதே படத்தைப் பால்காரருக்கும் அனுப்பிவிட்டால் அவரும் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார்.

எண்ணோடு பாக்கெட் கலரையும் எழுதுவது நல்லது. 2022 நவம்பர் 5ஆம் தேதி மாதாந்திர அட்டை இல்லாதவர்களுக்கு ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய்க்குப் போனது, நீலமும் பச்சையும் அப்படியே இருந்தன. இரண்டு கலரும் வாங்குகிற வீட்டில் வெறும் "2" என்று எழுதி வைத்திருந்தால் அந்த மாதக் கணக்கை யாராலும் போட முடியாது.