இறம்பொடையில இருந்து எத்தனை கிலோமீற்றர்?

டேட்டிங் செயலியில் தூரத்தைக் குறைத்து வை, பக்கத்தில் இருக்கிறவரைத் தேடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்கு 5 கிலோமீற்றர் என்றால் பல நூறு முகங்கள். இறம்பொடையில் 5 கிலோமீற்றர் என்றால் நம்ம தோட்டம், பக்கத்துத் தோட்டம், நீர்வீழ்ச்சி பார்க்க வந்து போட்டோ பிடிக்கிற ரெண்டு சுற்றுலாப் பயணிகள். அவ்வளவுதான். "2 கிலோமீற்றர் தூரத்தில்" என்று காட்டினால், அது எந்த லயம் என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு பெண்ணின் படம் அந்த வட்டத்துக்குள் வந்தால், மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதுதான் பேச்சு. ஆகவே சின்ன வட்டம் நமக்குப் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு விசயம். செயலி காட்டுவது காகம் பறக்கிற தூரம். மலை, வளைவு, பஸ் எதுவும் அதற்குத் தெரியாது. நேர்கோட்டில் இறம்பொடைக்கு ஹட்டன் 20 கிலோமீற்றர் சொச்சம். கண்டி 25-ஐத் தாண்டும். செயலியைக் கேட்டால் ஹட்டன்தான் கிட்ட. ஆனால் கண்டிக்கு நுவரெலியாவிலிருந்து வருகிற பஸ்ஸில் ரோட்டில் நின்று ஏறினால் புஸ்ஸல்லாவ, கம்பளை வழியாக நேரே போய் இறங்கலாம். ஹட்டனுக்கு எப்படிப் போனாலும் பஸ் மாற வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் கதை முடிஞ்சுது. ஆகவே 30 என்று வைத்துவிட்டு, வருகிற முகங்களை ஊர்ப் பெயரைப் பார்த்து பஸ் கணக்கில் பிரிப்பதே புத்தி.

100 வைத்தால் கொழும்பும் உள்ளே வந்துவிடும். ஆனால் அங்கே இருக்கிறவர் 20 வைத்திருந்தால் அவர் பக்கம் நாம் வரமாட்டோம். அதேநேரம் நம்ம பிள்ளைகள் பாதிப்பேர் கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால் அவர்களுடைய இடமும் இங்கே மாறும். அந்த ஒரு வாரம் 30-க்குள் திடீரென்று ஆள் கூடுவது அதனால்தான். திரும்பிப் போய்த் திறந்ததும் தூரம் மறுபடி ஏறிவிடும். காணாமல் போனவர் நம்மை வெட்டிவிட்டுப் போனார் என்று எண்ணித் தவிக்க வேண்டாம்.

இனி ஆம்பிளைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. தூரத்தை 100-க்குத் திறந்துவிட்டு, 27 வயதில் "18 முதல் 23" என்று வைக்கிறீர்களே, ஏன்? நம்மோடு ஏ.எல். படித்தவளே அதில் வரமாட்டாள். 40 பேர் இருக்கிற இடத்தில் வயது பாதியை வெட்டினால் 20. சமயம் பாதியை வெட்டினால் 10. உயரம், படிப்பு என்று இன்னும் பாதி போனால் 5. அதற்குப் பிறகு "இங்க ஆளே இல்ல மச்சான்" என்கிறோம். ஆளை இல்லாமல் ஆக்கியது யார்?

வயதை மேலும் கீழும் நாலு வருசம் திறந்து வையுங்கள். உயரத்தை எடுத்துவிடுங்கள். கண்டிப்பு வைக்க வேண்டுமென்றால் ஒன்றில் வையுங்கள்: பகல் பஸ்ஸில் போய்ப் பகல் பஸ்ஸில் திரும்ப முடியாத சந்திப்புக்கு முதல் தடவை போகாதீர்கள். அந்த வடிகட்டி எந்தச் செயலியிலும் இல்லை. நாம்தான் போட வேண்டும்.