பூ விரியாத கோப்பை

எங்கள் மெல்பர்ன் வீட்டில் இரண்டு வாரமாகப் பால் வேகமாகத் தீர்கிறது. மகளுக்குப் பதினாறு வயது. பக்கத்துக் கஃபேயில் சனிக்கிழமை வேலைக்கு ஒரு நாள் சோதித்துப் பார்க்கிறார்களாம். “அம்மா, ஒரு இதயம் ஊத்தத் தெரியாமப் போனா வெட்கம்” என்றாள். கல்லூரி நாட்களில் நானும் கஃபேயில் நின்றவள்தான். அதனால் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் கோப்பையில் கடைசிவரை பழுப்புத்தான். கடைசி நொடியில் வெள்ளைக் கட்டி ஒன்று ‘பொத்’தென்று விழுந்தது. அவள் கையைக் குறை சொன்னாள். தப்பு கையில் இல்லை, பாலில். நீராவிக் குழாயின் நுனியை மேலேயே வைத்து அதிக நேரம் காற்றை விட்டிருந்தாள். கெட்டி நுரை ஜக்கின் மேலே மிதக்கும். ஊற்றினால் அடியிலிருக்கும் பால் முதலில் வந்துவிடும், நுரை கடைசியில் மொத்தமாக விழும்.

அம்மம்மா எட்டிப் பார்த்து, “ஆத்தினா நுரை வரும்தானே, பிள்ளை?” என்றார். வரும். ஆனால் ஆற்றிய நுரையில் குமிழ் பெரிசு. இங்கே வேண்டியது கண்ணுக்கே தெரியாத குமிழ்.

அடுத்த முறை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால் 150 மில்லி. காகிதம் கிழிகிற மாதிரி ‘ச்ச்’ சத்தம் இரண்டு மூன்று நொடி மட்டும். ஜக்கின் குளிர்ச்சி போவதற்குள் அதை நிறுத்தி, நுனியைச் சற்றே உள்ளே இறக்கினாள். பால் சுழன்றது. ஜக்கைத் தொட முடியாத சூடு, கிட்டத்தட்ட 60 டிகிரி வந்ததும் நிறுத்தினாள். மேசையில் ஒரு தட்டு, பிறகு சுழற்று. ஈரப் பெயின்ட் மாதிரி பளபளத்தால் பால் சரி. அப்படியே வைத்துவிட்டுப் பேசினால் நுரை மறுபடி பிரிந்துவிடும்.

இந்தத் தடவை வெள்ளை வந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. இப்போது காரணம் உயரம். ஆரம்பத்திலேயே ஜக்கைத் தாழ்த்தியதால் நுரை எஸ்பிரசோவின் மேலேயே பரவிவிட்டது. முதலில் ஆறேழு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அப்போது பால் அடியில் போய்க் கலக்கும், மேல்பரப்பு ஒரே பழுப்பாக இருக்கும். பாதிக்கு மேல் நிறைந்ததும் கோப்பையைச் சாய்த்து, ஜக்கின் மூக்கு காப்பியைத் தொடுகிற அளவு தாழ்த்தி, தாரையைப் பெரிசாக்க வேண்டும். பலர் இங்கேதான் பயந்து தாரையை மெல்லிசாக்குவார்கள், வெள்ளை அமுங்கிவிடும். வட்டம் விரிந்ததும் ஜக்கைத் தூக்கி, நடுவே ஒரு மெல்லிய கோடு இழுத்தால் இதயம்.

பாலை வீணாக்க மனமில்லையா? நுரைக்கும் பயிற்சிக்குத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும்.

வெள்ளி இரவு ஏழாவது கோப்பையில் ஒன்று வந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். அம்மம்மா அதைக் கலக்காமலேயே குடித்தார்.